யார் எத்தனை வருஷம் உள்ளே இருக்கணும்? கலிஃபோர்னியாவை வைத்துச் சில கேள்வி பதில்கள்

குற்றம் அதிகமா நடக்குற நாட்டுல கைதிகளும் அதிகமா இருப்பாங்க. இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?

பாதிதான் சரி. அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில் ஒரு லட்சம் பேருக்குச் சுமார் 160 பேர் சிறையில் இருந்தார்கள். 2008இல் அது 750ஐத் தாண்டியது, மொத்தம் 23 லட்சம் பேர். ஆனால் அங்கே வன்முறைக் குற்றங்கள் 1991-92 வாக்கில் உச்சத்துக்குப் போய், அப்புறம் வருஷா வருஷம் இறங்கிக்கொண்டேதான் வந்தன. குற்றம் இறங்க இறங்க, கைதிகள் எண்ணிக்கை இன்னும் ஒரு பதினைந்து வருஷம் ஏறிக்கொண்டே போனது.

பக்கத்து நாடான கனடாவைப் பாருங்கள். அங்கேயும் ஏறக்குறைய அதே காலத்தில் குற்றம் குறைந்தது, ஆனால் சிறைக்கு ஆள் கூட்டவில்லை. ஃபின்லாந்து இன்னும் வேடிக்கை. 1950 வாக்கில் லட்சத்துக்கு 190 பேரை ஒட்டி உள்ளே வைத்திருந்த நாடு, 1990களின் கடைசியில் 50 சொச்சத்துக்கு வந்துவிட்டது. அந்தக் காலம் முழுக்க அங்கே குற்றம் ஏறியதும் இறங்கியதும் சுவீடன், டென்மார்க், நார்வேயில் நடந்த மாதிரியேதான். அந்த மூன்று நாடுகளில் கைதிகள் எண்ணிக்கை அவ்வளவாக மாறவே இல்லை.

ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும். கொலை விஷயத்தில் அமெரிக்கா ஐரோப்பாவைவிடப் பல மடங்கு மோசம், துப்பாக்கி கையில் கிடைக்கிற ஊர். அதனால் கொஞ்சம் கூடுதலாகக் கைதிகள் இருப்பது ஆச்சரியமில்லை. ஆனால் திருட்டு, வழிப்பறி மாதிரியானவற்றில் அவ்வளவு பெரிய வித்தியாசம் கிடையாது. பத்து மடங்கு கைதிகளை அதை வைத்து விளக்க முடியாது.

அப்போ எதுதான் தீர்மானிக்குது?

இரண்டே எண்கள். வருஷத்துக்கு எத்தனை பேர் உள்ளே போகிறார்கள், போனவர் எத்தனை வருஷம் இருக்கிறார். வருஷத்துக்கு 100 பேர் போய், ஆளுக்கு 2 வருஷம் இருந்தால், எந்த நாளில் போய் எண்ணினாலும் 200 பேர் இருப்பார்கள். அதே 100 பேருக்கு 25 வருஷம் என்று சட்டம் போட்டால், கடைசியில் 2,500 பேர் இருப்பார்கள். குற்றம் ஒன்றுகூடக் கூடவில்லை, போலீஸ் ஒருவரைக்கூட அதிகமாகப் பிடிக்கவில்லை.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. அந்த 2,500 உடனே வராது, நிறைய 25 வருஷம் ஆகும். முதல் இரண்டு வருஷம் எந்த வித்தியாசமும் தெரியாது, ஏனென்றால் அந்த ஆட்கள் பழைய சட்டத்திலும் உள்ளேதான் இருந்திருப்பார்கள். சட்டம் போட்ட அரசியல்வாதிக்குக் கைதட்டல் அன்றைக்கே கிடைக்கும். பில் வரும்போது நாற்காலியில் வேறு யாரோ இருப்பார்.

சரி, இந்த 25 வருஷச் சட்டம் கலிஃபோர்னியாவுல எப்படி வந்தது?

1992 ஜூனில் ஃப்ரெஸ்னோ என்ற ஊரில் கிம்பர் ரெனால்ட்ஸ் என்ற 18 வயதுப் பெண்ணிடம் கைப்பையைப் பிடுங்க வந்தவர்கள் அவரைச் சுட்டுவிட்டார்கள். அவர் அப்பா மைக் ரெனால்ட்ஸ் கல்யாணப் புகைப்படக்காரர். அவர் உள்ளூர் வக்கீல்கள், நீதிபதி என்று சிலரைக் கூட்டி உட்கார்ந்து ஒரு மசோதாவை எழுதினார். ஏற்கனவே ஒரு பெரிய குற்றம் செய்தவர் மறுபடி மாட்டினால் தண்டனை இரண்டு மடங்கு. இரண்டு பெரிய குற்றம் செய்தவர் மூன்றாவதாக மாட்டினால் 25 வருஷம் முதல் ஆயுள் வரை. பேஸ்பால் ஆட்டத்தில் அடிக்காமல் விட்ட பந்துக்கு ‘ஸ்ட்ரைக்’ என்று பெயர், மூன்று ஆனால் ஆட்டக்காரர் அவுட், அதிலிருந்து ‘த்ரீ ஸ்ட்ரைக்ஸ்’ என்ற பெயர்.

உண்மையான வில்லங்கம் மூன்றாவது குற்றத்தின் வரையறையில் இருந்தது. முதல் இரண்டும் வன்முறையோ வீடு புகுந்து திருடுவது மாதிரிப் பெரிய குற்றமோ ஆக இருக்க வேண்டும். மூன்றாவது அப்படி இருக்க வேண்டியதில்லை, எந்த ‘ஃபெலனி’யாக, அதாவது மாநிலச் சிறைக்கு அனுப்பக்கூடிய எந்தக் குற்றமாக இருந்தாலும் போதும். கடையில் திருடியதுகூட சில சமயம் அந்த வகையில் வரும்.

1993 வசந்தத்தில் சட்டமன்றக் குழு இதைத் தள்ளிவிட்டது. அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் அந்த வருஷம் அக்டோபர் 1ஆம் தேதி ராத்திரி பெட்டலூமாவில் தோழிகளோடு வீட்டில் இருந்த பாலி கிளாஸ் என்ற 12 வயதுச் சிறுமியை ஒருவன் கத்தியைக் காட்டித் தூக்கிக்கொண்டு போனான். இரண்டு மாதம் நாடே தேடியது, டிசம்பரில் உடல் கிடைத்தது. பிடிபட்ட ரிச்சர்ட் ஆலன் டேவிஸ் ஏற்கனவே கடத்தல் வழக்கில் 16 வருஷத் தண்டனை வாங்கி, பாதியில் சில மாதங்களுக்கு முன்தான் பரோலில் வந்தவன். யாருக்குத்தான் கோபம் வராது?

1994 தேர்தல் வருஷம். அரசு வழக்கறிஞர்கள் சங்கமே ஒரு மாற்று மசோதாவை ஆதரித்தது, அதில் மூன்றாவது குற்றமும் பெரியதாக இருக்க வேண்டும். ஆளுநர் பீட் வில்சன் கடுமையானதுதான் வேண்டும் என்று ரெனால்ட்ஸ் பக்கம் நின்றார். எதிர்த்து வாக்களித்தால் எதிராளி டிவி விளம்பரத்தில் என்ன போடுவான் என்று உறுப்பினர்கள் எல்லாருக்கும் தெரியும். மார்ச் 7ஆம் தேதி கையெழுத்தாகிவிட்டது. அது போதாதென்று நவம்பரில் அதையே மக்கள் வாக்கெடுப்புக்கும் கொண்டுபோனார்கள், 72 சதவீத ஆதரவு. சிறைக் காவலர்கள் சங்கம் அதற்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தது.

பாலியின் அப்பா மார்க் கிளாஸ் முதலில் இதை ஆதரித்தவர். சட்டத்தை முழுக்கப் படித்த பிறகு எதிர்ப்பக்கம் போனார், கொலைகாரனையும் கார் ரேடியோ திருடனையும் ஒரே தராசில் வைக்கிறது என்று. அதைக் கேட்க அப்போது ஆளில்லை.

வீடியோ கேசட் திருடினவருக்கு 50 வருஷம்னு சொல்றாங்களே, அது கட்டுக்கதைதானே?

இல்லை, உச்ச நீதிமன்றத் தீர்ப்பாகவே இருக்கிறது. லியாண்ட்ரோ ஆண்ட்ராடே, முன்னாள் ராணுவ வீரர், ஹெராயினுக்கு அடிமை, வயது 37. 1995 நவம்பரில் ஒரு கடையில் ஐந்து கேசட்டைக் கால்சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியேறும்போது மாட்டினார், மதிப்பு 84 டாலர் 70 சென்ட். இரண்டு வாரம் கழித்து வேறொரு கடையில் நாலு கேசட், 68 டாலர் 84 சென்ட். யாரையும் தொடவில்லை, இரண்டு முறையும் வாசலிலேயே பிடிபட்டார்.

இது சாதாரணமாகச் சில்லறைத் திருட்டு, அதிகபட்சம் சில மாதம் உள்ளூர்ச் சிறை. ஆனால் முன்பு திருட்டில் தண்டனை பெற்றவர் மறுபடி திருடினால், அரசு வழக்கறிஞர் விரும்பினால் அதை ஃபெலனியாக ஏற்றிக்கொள்ளலாம். அவர் மேல் 1980களின் தொடக்கத்தில் வீடு புகுந்து திருடிய வழக்கு இருந்தது, ஒரே வழக்கில் பல வீடுகள். அவை தனித்தனி ஸ்ட்ரைக்காகக் கணக்கில் வந்தன. ஆக, ஐந்து கேசட்டுக்கு 25 வருஷம், நாலு கேசட்டுக்கு 25 வருஷம், ஒன்று முடிந்து மற்றது. பரோலுக்கு மனுப்போடவே 87 வயது ஆக வேண்டும்.

2003 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் இந்தத் தண்டனையில் தலையிட மறுத்தது. அதே நாளில், தலைக்கு 399 டாலர் மதிப்புள்ள மூன்று கோல்ஃப் மட்டைகளைத் திருடிய கேரி யூயிங்கின் 25 வருஷமும் உறுதியானது. இவை அபூர்வமான விதிவிலக்குகளும் இல்லை. சட்டம் வந்து பத்து வருஷத்தில் ஏறக்குறைய 43,000 பேர், அதாவது மாநிலக் கைதிகளில் நாலில் ஒருவர், இந்தச் சட்டத்தில் உள்ளே இருந்தார்கள். அதில் மூன்றாம் ஸ்ட்ரைக்காரர்கள் 7,500 பேர், அவர்களிலும் பாதிக்கு மேல் கடைசியாகச் செய்தது வன்முறையும் இல்லை, சட்டம் ‘பெரிய’ என்று சொல்கிற குற்றமும் இல்லை. மாநில மக்கள்தொகையில் 7 சதவீதத்தை எட்டாத கறுப்பின மக்கள் அந்த மூன்றாம் ஸ்ட்ரைக் கூட்டத்தில் 45 சதவீதம்.

ஜட்ஜ் எதுக்கு இருக்கார்? ஆளைப் பார்த்துக் குறைக்க வேண்டியதுதானே?

அதைப் பிடுங்கத்தான் சட்டமே வந்தது. நீதிபதிகள் இளகிப்போகிறார்கள் என்பதுதான் பிரசாரம். 1996இல் மாநில உச்ச நீதிமன்றம் ஓரளவு அதிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தது, ஆனாலும் குற்றச்சாட்டை எப்படி எழுதுவது என்பது அரசு வழக்கறிஞர் கையில்தான்.

அமெரிக்காவின் விசித்திரமே அங்கேதான். அங்கே பெரும்பாலான மாநிலங்களில் மாவட்ட அரசு வழக்கறிஞர் தேர்தலில் நின்று ஜெயிக்கிறவர். பல இடங்களில் நீதிபதியும் அப்படித்தான். வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் விசாரணைக்கே போகாது, பேரத்தில் முடியும். ‘ஒத்துக்கொண்டால் 6 வருஷம், வழக்காடித் தோற்றால் 25’ என்று சொன்னால், குற்றமே செய்யாதவர்கூட ஒரு நிமிஷம் யோசிப்பார். நீண்ட தண்டனைச் சட்டத்தின் பெரிய பயன், அது நேரடியாக விதிக்கப்படும் வழக்குகளில் இல்லை. மேஜை மேல் அரிவாள் மாதிரி அது கிடப்பதால் மற்ற பேரங்களில் ஆண்டுகள் கூடுவதில்தான்.

இன்னொரு கணக்கும் உண்டு, இதைப் பற்றிப் பலர் பேசுவதில்லை. அரசு வழக்கறிஞருக்குச் சம்பளம் மாவட்டம் கொடுக்கிறது, சிறைச் செலவு மாநிலத்துடையது. ஒருவரைப் பத்து வருஷம் மாநிலச் சிறைக்கு அனுப்பினால் மாவட்ட பட்ஜெட்டில் ஒரு பைசா கூடாது. அதே ஆளை உள்ளூரில் நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தால் அந்தச் செலவு மாவட்டத்தின் தலையில். அடுத்த வீட்டுக்காரர் பணத்தில் விருந்து என்றால் யார்தான் அளவோடு சாப்பிடுவார்கள்?

ஆனா சட்டம் வந்த பிறகு கலிஃபோர்னியாவுல குற்றம் குறைஞ்சது உண்மைதானே?

குறைந்தது, நிஜம்தான். ஆனால் சட்டம் வருவதற்கு முன்பே இறங்க ஆரம்பித்திருந்தது. இப்படி ஒரு சட்டமே இல்லாத மாநிலங்களிலும் இறங்கியது. கலிஃபோர்னியாவுக்குள்ளேயே ஒரு சோதனை தானாக நடந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ வழக்கறிஞர்கள் இந்தச் சட்டத்தை எடுத்ததே அபூர்வம், கெர்ன் மாவட்டத்தில் மக்கள்தொகைக்குப் பல மடங்கு அதிகமாக எடுத்தார்கள். அதிகம் பயன்படுத்திய மாவட்டத்தில் குற்றம் அதிகம் குறைந்திருக்க வேண்டுமல்லவா? அப்படி ஒரு ஒழுங்கு தெரியவில்லை.

காரணம் சிக்கலானது இல்லை. திருட்டு, அடிதடி எல்லாம் பெரும்பாலும் பதினாறிலிருந்து இருபத்தைந்து வயதுக்காரர்களின் வேலை. மூன்றாவது ஸ்ட்ரைக் விழும்போது ஆளுக்கு முப்பத்தைந்து நாற்பது ஆகிவிடும். தானாகவே ஓய்ந்துபோகிற வயதில் ஆரம்பித்து, அறுபத்தைந்து வரை, சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மருந்து கொடுத்து மாநிலம் வைத்துக் காப்பாற்ற வேண்டும்.

இவ்வளவு பேரை எங்கே வெச்சாங்க?

1980இல் கலிஃபோர்னியா சிறைகளில் சுமார் 24,000 பேர். 2006இல் 1,70,000ஐத் தாண்டியது. 1984க்குப் பிறகு இருபதுக்கும் மேற்பட்ட புதுச் சிறைகளைக் கட்டியும் போதவில்லை. உடற்பயிற்சிக் கூடத்தில் மூன்றடுக்குக் கட்டில் போட்டு 200 பேரைத் தூங்க வைத்தார்கள், காவலுக்கு இரண்டு மூன்று பேர். சில இடத்தில் 54 பேருக்கு ஒரே கழிப்பறை. தற்கொலை எண்ணம் உள்ள கைதிகளைப் படுக்கை கிடைக்கும்வரை டெலிபோன் பூத் அளவுக் கூண்டில் நிறுத்தி வைத்திருந்தார்கள்.

இதெல்லாம் 2011 மே மாதம் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பிலேயே இருக்கிறது. சரியான மருத்துவம் கிடைக்காமல் ஆறேழு நாளுக்கு ஒரு கைதி அநியாயமாகச் சாகிறார் என்று கீழ் நீதிமன்றம் கண்டறிந்திருந்தது. சுமார் 80,000 பேருக்குக் கட்டிய இடத்தில் அதைப்போல இரண்டு மடங்கு ஆட்கள். கட்டிய அளவில் 137.5 சதவீதத்துக்குள் கொண்டுவரச் சொன்னது நீதிமன்றம். மாநிலம் அதே வருஷம்தான் சில்லறைக் குற்றக்காரர்களை மாவட்டங்களே பார்த்துக்கொள்ளட்டும் என்று மாற்றியது. விருந்துக்குக் காசு கேட்டதும் மாவட்டங்களுக்குப் பசி குறைந்தது.

தனியார் சிறைக் கம்பெனிகளும் போதைச் சட்டமும்தான் காரணம்னு படிச்சேனே?

ஓரளவு. தனியார் சிறைகளில் இருப்பது அமெரிக்கக் கைதிகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவு, அவற்றை மூடினாலும் கைதிகள் அரசுச் சிறைக்குத்தான் போவார்கள். மத்திய அரசுச் சிறைகளில் பாதிப்பேரை ஒட்டி போதை வழக்குகள்தான், ஆனால் பெருங்கூட்டம் இருக்கும் மாநிலச் சிறைகளில் ஆறில் ஒருவர்கூட இல்லை. அங்கே பாதிக்கு மேல் வன்முறை வழக்குகள். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது, ஏனென்றால் அப்பாவிகளை விட்டால் போதும் என்று முடித்துக்கொள்ள முடியாது. வன்முறை செய்தவரை எத்தனை வருஷம் வைப்பது என்ற கஷ்டமான கேள்விக்குள் போக வேண்டும்.

ஃபின்லாந்து மக்கள் எல்லாம் சாந்த சொரூபிகளா? அங்க எப்படிக் குறைச்சாங்க?

அதெல்லாம் இல்லை. 1918 உள்நாட்டுப் போர், அப்புறம் ரஷ்யாவோடு போர் என்று ரத்தம் பார்த்த நாடு, சட்டமும் கடுமை. 1960களில் அவர்கள் சிறையை நிரப்பியது திருடர்களும் குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்களும். பக்கத்து நாடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்து, நாம் மட்டும் ஏன் இப்படி என்று சட்ட வட்டாரத்தில் ஒரு சின்னக் கூட்டம் வெட்கப்பட்டது. அதில் ஒருவரான இன்கெரி அன்டிலா குற்றவியல் பேராசிரியை, 1975இல் நீதித்துறை அமைச்சராகவே இருந்தார்.

அவர்கள் செய்ததில் பரபரப்பு எதுவும் இல்லை. பொது இடத்தில் குடித்திருப்பது குற்றமில்லை என்றார்கள், 1972இல் திருட்டுக்கான தண்டனையைக் குறைத்தார்கள், குடித்து ஓட்டியவர்களுக்குச் சிறைக்குப் பதில் நிறுத்தி வைத்த தண்டனையும் வருமானத்துக்கு ஏற்ற அபராதமும். 1990களில் எட்டு மாதம் வரையிலான சிறைத் தண்டனைக்குப் பதிலாகச் சமூக வேலை. நீதிபதிகளைக் கூட்டி உட்கார வைத்து, ஒரே மாதிரி வழக்குக்கு வேறு ஊரில் என்ன தண்டனை தருகிறார்கள் என்று பேச வைத்தார்கள். எல்லாமே கால அளவில்தான் கை வைத்தது.

இதைச் செய்ய முடிந்தது ஏனென்றால், அங்கே நீதிபதியும் அரசு வழக்கறிஞரும் ஓட்டுக்கு நிற்பதில்லை. எப்போதும் கூட்டணி ஆட்சி, இன்றைக்குத் திட்டியவரோடு நாளைக்கு அமைச்சரவையில் உட்கார வேண்டும், அதனால் ‘இவன் குற்றவாளிக்கு நண்பன்’ என்று அடிப்பது கட்டுப்படியாகாது. பத்திரிகைகளும் பெரும்பாலும் சந்தாவில் ஓடியவை, தினமும் கடையில் தொங்கி ஆளை இழுக்க வேண்டியதில்லை. மக்கள் கருத்துக்கணிப்பில் கேட்டிருந்தால் தண்டனையைக் கூட்டத்தான் சொல்லியிருப்பார்கள் என்பது என் சந்தேகம். யாரும் கேட்கவில்லை. இது ஜனநாயகத்துக்கு நல்லதா என்று நீங்கள் மடக்கினால், அது நியாயமான மடக்குதான்.

எல் சால்வடோர்ல எல்லாரையும் உள்ள போட்டாங்க, கொலை நின்னுபோச்சே?

கொலை நிஜமாகவே சரிந்தது, அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. 2022 மார்ச்சில் அவசர நிலை அறிவித்த பிறகு 80,000க்கு மேல் கைது, உலகத்திலேயே மக்கள்தொகைக்கு மிக அதிகக் கைதிகள் உள்ள நாடு இப்போது அதுதான். 2024இல் அதிபர் புகெலே 80 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கி மறுபடி ஜெயித்தார். தெருவுக்குத் தெரு மாமூல் வசூலித்த கும்பலிடமிருந்து விடுதலை கிடைத்தவர்களிடம் போய் மனித உரிமை பேசினால் முறைக்கத்தான் செய்வார்கள்.

ஆனால் 2015இல் லட்சத்துக்கு 100ஐத் தாண்டியிருந்த கொலை விகிதம் 2021இலேயே 18 வாக்கில் வந்துவிட்டது, அவசர நிலைக்கு முன்பே. அப்புறம், வாரண்ட் இல்லாமல் பிடித்ததில் ஆயிரக்கணக்கானோரை அரசே குற்றமில்லை என்று வெளியே விட்டிருக்கிறது. மீதிப்பேரை நூற்றுக்கணக்கில் ஒரே வழக்கில் விசாரிக்கச் சட்டத்தையே மாற்றியிருக்கிறார்கள். பிடிப்பது சில வருஷ வேலை. வைத்திருப்பது முப்பது நாற்பது வருஷ வேலை, அது இன்னும் ஆரம்ப கட்டத்தில்தான் இருக்கிறது.

இந்தியாவுல கைதிகள் குறைவுன்னு சொல்றாங்க. நாம ரொம்ப இரக்கசாலிகளா?

லட்சத்துக்குச் சுமார் 40 பேர், உண்மையில் குறைவுதான். ஆனால் 2022 கணக்கில் இருந்த 5.73 லட்சம் கைதிகளில் 4.34 லட்சம் பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். தண்டனை கொடுத்து முடிக்க முடியாத நாட்டில் கைதி எண்ணிக்கையைக் கருணையின் அளவாக எடுத்துக்கொள்ள முடியாது. நம் ஊரில் ‘உள்ளே தள்ளு’ என்ற கோபத்துக்குத் தண்டனைச் சட்டத்தைவிடக் குண்டர் சட்டம்தான் வடிகால். 1982இல் கள்ளச்சாராயக்காரர்களையும் ரவுடிகளையும் குறிவைத்து வந்தது, 2004இல் திருட்டு விசிடிக்காரர்களும் அதில் சேர்ந்தார்கள். வழக்கு நடத்தாமலே ஒரு வருஷம் வரை வைக்கலாம்.

கலிஃபோர்னியாவுல மக்கள் மனசு மாறவே இல்லையா?

மாறியது, மறுபடி மாறியது. 2004இல் சட்டத்தைத் தளர்த்த ஒரு வாக்கெடுப்பு வந்தது. அக்டோபர் தொடக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு. கடைசி இரண்டு வாரத்தில் ஒரு கோடீஸ்வரர் பணம் போட, ஆளுநர் ஷ்வார்ஸ்நெகர் டிவியில் வந்து, 26,000 ஆபத்தான குற்றவாளிகள் வெளியே வரப்போகிறார்கள் என்றார், பின்னால் கைதிகளின் முகங்கள். அந்த எண்ணைப் பலர் மறுத்தார்கள், முகங்களை மறுக்க முடியாதே. 53க்கு 47 என்று தோற்றது.

2012இல் ‘36ஆம் பிரேரணை’ என்று மறுபடி வந்தது. இந்த முறை கொலை, பாலியல் குற்றம் செய்தவர்களுக்குச் சலுகை இல்லை என்று முன்கூட்டியே எழுதினார்கள், சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலீஸ் அரசு வழக்கறிஞர்களே ஆதரித்தார்கள், 69 சதவீதம் பேர் ஆமாம் என்றார்கள். மூன்றாவதும் பெரிய குற்றமாக இருந்தால்தான் ஆயுள் என்று ஆனது. முதல் எட்டு மாதத்தில் ஆயிரத்துக்கு மேல் பேர் வெளியே வந்தார்கள், அதில் மறுபடி குற்றத்தில் மாட்டியவர்கள் 2 சதவீதத்துக்கும் குறைவு. 2014இல் 950 டாலருக்குக் கீழ்த் திருட்டைச் சிறு குற்றமாக்கினார்கள்.

அப்புறம் கொரோனா காலம் வந்தது, கடைக்குள் கும்பலாகப் புகுந்து அள்ளிக்கொண்டு ஓடும் வீடியோக்கள் எல்லா போனிலும் ஓடின, பற்பசையைக்கூடக் கடைக்காரர்கள் பூட்டி வைத்தார்கள். 2024 நவம்பரில் பெரிய சில்லறைக் கடைச் சங்கிலிகள் பணம் கொடுத்த இன்னொரு பிரேரணை, அதற்கும் எண் 36தான், ஆளுநர் நியூசம் எதிர்த்தும் 68 சதவீதத்தில் ஜெயித்தது. இரண்டு முறை திருட்டில் தண்டனை வாங்கியவர் மூன்றாவது முறை எவ்வளவு சின்னதைத் திருடினாலும் மறுபடி ஃபெலனியாக வழக்குப் போடலாம், மாநிலச் சிறைக்கும் அனுப்பலாம். அதனால் கைதிகள் சில ஆயிரம் கூடலாம் என்று மாநில பட்ஜெட் ஆய்வாளர்கள் வாக்காளர் கையேட்டிலேயே எழுதியிருந்தார்கள்.